"எல்லாக் கைக்கும் பொருந்தும்" என்று எழுதி மாட்டிக்கொண்டேன்: பிபி மெஷின், தெர்மாமீட்டர் லிஸ்டிங் எப்படி எழுதுகிறீர்கள்?

செந்தூல்_மணி

வணக்கம். செந்தூலில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பாதி வியாபாரம் இப்போது ஆன்லைனில்தான். மலாயிலும் தமிழிலும் லிஸ்டிங் நானே எழுதுவேன்.

போன மாதம் கிள்ளானிலிருந்து ஓர் ஐயா கையில் கட்டும் பிபி மெஷின் ஒன்று வாங்கினார். மூன்றாம் நாள் மெசேஜ் வந்தது. வீட்டில் பார்த்தால் 168/98, பயந்துபோய் கிளினிக்குக்கு ஓடினால் அங்கே 146/88. நர்ஸ் பெரிய கஃப் எடுத்து மாட்டினாராம். "ஐயா, உங்கள் கை 37 சென்டிமீட்டர், இந்த மெஷினோடு வந்த பட்டை உங்களுக்குப் போதாது" என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்கு ஒரே ஒரு ஸ்டார். பணமும் திருப்பிக் கொடுத்தேன்.

என் லிஸ்டிங்கில் இருந்தது இதுதான், மறைக்காமல் ஒட்டுகிறேன்:

"22–42 செ.மீ. கஃப், எல்லாக் கைக்கும் பொருந்தும். அளவு வரம்பு 0–299. துல்லியம் ±3, அதாவது 99%. எஃப்டிஏ, சிஇ, கேகேஎம் அங்கீகாரம் பெற்றது. மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டது. கர்ப்பிணிகளுக்கும் ஏற்றது. பக்கவாதம் வருவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும்."

22–42 என்பது சப்ளையர் அனுப்பிய கேட்டலாக்கில் இருந்தது. இப்போது பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும் கஃப்பில் 22–32 என்று அச்சிட்டிருக்கிறது. மற்ற வரிகளிலும் இப்படி ஏதாவது இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேட்ஜெட்_கேசவன்

தம்பி, கஃப் விஷயம் மட்டும்தான் தப்பு, மற்றது எல்லாம் சரி. நானும் இதைத்தான் விற்கிறேன். சிஇ இருக்கிறது, தொழிற்சாலைக்கு ஐஎஸ்ஓ 13485 இருக்கிறது என்றால் "மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டது" என்று தாராளமாகப் போடலாம். ±3 மேனுவலிலேயே இருக்கிறது. "22–42 கஃப் தனியாக வாங்கலாம்" என்று ஒரு வரி சேர், முடிந்தது கதை.

பட்டர்வொர்த்காரன்

பினாங்கில் ஒரு மருத்துவமனையில் கருவிப் பராமரிப்புப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தேன், இப்போது ஓய்வு. கேசவன் சொன்னதில் பாதி சரி. ±3 மேனுவலில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது எதன் ±3 என்பதில்தான் விஷயம்.

நாங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை இந்த மெஷின்களைச் சோதிப்போம். கஃப்பை ஒரு கெட்டியான பாட்டிலில் சுற்றுவோம். குழாயில் ஒரு டீ இணைப்பு போட்டு, ஒரு பக்கம் மெஷின், மறு பக்கம் எங்கள் அழுத்தமானி. 50, 100, 150, 200 என்று காற்றை ஏற்றி, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று பார்ப்போம். ±3 இந்தச் சோதனைக்கு உரியது. உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தை மெஷின் சரியாகப் படிக்கிறது, அவ்வளவுதான். பாட்டிலுக்கு ஏது ரத்த அழுத்தம்?

மனிதக் கையில் நடப்பது வேறு. கஃப் தளரும்போது ரத்தக்குழாயின் துடிப்பால் பட்டைக்குள் சின்னச் சின்ன அலை எழும். அந்த அலைகளின் அளவை வைத்து, மேல் எண் இது, கீழ் எண் இது என்று மெஷின் ஒரு கணக்குப் போடும். ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு சரியா என்று பார்க்கத்தான் ஆட்களை வைத்துச் சோதிக்கிறார்கள். ஐஎஸ்ஓ 81060-2 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரியவர்களில் குறைந்தது 85 பேரை எடுத்து, பயிற்சி பெற்ற இருவர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டு எழுதும் எண்ணோடு மெஷினின் எண்ணை ஒப்பிடுவார்கள். சராசரி வித்தியாசம் 5-க்குள், அதன் சிதறல் 8-க்குள் இருந்தால் தேறியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிதறல் 8 வரை போகலாம் என்றால், தேறிய மெஷினும் சிலர் கையில் 10 புள்ளி தள்ளிக் காட்டலாம். "99%" என்ற எண்ணுக்கு இங்கே இடமே இல்லை.

ஐஎஸ்ஓ 13485 தொழிற்சாலையின் தர நிர்வாகத்துக்கான சான்று. மெஷின் சரியாக அளக்கிறதா என்று அது சொல்லாது.

மல்லிகா_பிஜே

அண்ணே, இடையில் வருகிறேன், மன்னிக்கவும். என் அம்மாவுக்கு ஒரு வாரமாக 150, 152 என்றே வருகிறது. அதே 22–32 மெஷின்தான். ±3 என்றால் 149 என்று எடுத்துக்கொள்ளலாமா? மாத்திரையைக் கூட்ட வேண்டுமா?

பட்டர்வொர்த்காரன்

மல்லிகா, இல்லை. ±3-ஐக் கழித்தும் கூட்டியும் பார்க்காதீர்கள். மாத்திரையை இங்கே யாரும் கூட்டவோ குறைக்கவோ சொல்ல மாட்டார்கள். காலையும் மாலையும் பார்த்ததை எழுதிவைத்து மெஷினோடு சேர்த்துக் கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள். போவதற்கு முன்னால் அம்மாவின் மேல்கையை மட்டும் ஒரு டேப்பால் அளந்து சொல்லுங்கள்: சட்டைக்கை இல்லாமல், தோள்பட்டை எலும்புக்கும் முழங்கை எலும்புக்கும் நடுவில், இறுக்காமல்.

கேட்ஜெட்_கேசவன்

சரி அண்ணே, ±3 எனக்குப் புதுசு. ஆனால் மணியின் வாடிக்கையாளருக்கு 22 புள்ளி வித்தியாசம் வந்தது முழுக்கக் கஃப்பால்தானே? அப்படியானால் மெஷினில் குறையே இல்லை, கஃப்பை மாற்றினால் போதும்.

பட்டர்வொர்த்காரன்

அதை நான் அடித்துச் சொல்ல மாட்டேன். 2023-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆட்கள் 195 பேரை வைத்து இதைத்தான் பார்த்தார்கள். ஒரே ஆளுக்கு ஒரு தடவை சரியான கஃப், ஒரு தடவை சாதாரண கஃப். பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரண கஃப் மாட்டினால் மேல் எண் சராசரியாக 5 புள்ளி அதிகம். அதைவிடப் பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட 20. சின்னக் கையில் சாதாரண கஃப் கட்டினால் கொஞ்சம் குறைவாக வந்தது. 37 செ.மீ. கை முதலில் சொன்ன, பெரிய கஃப் தேவைப்படும் வகை. அப்படியானால் கஃப்பால் மட்டும் 22 வருமென்று சொல்ல முடியாது. அவர்கள் பயன்படுத்தியது ஒரே ஒரு மெஷின், வேறு மெஷினில் எண் வேறாக வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மீதி எங்கே இருந்து வந்தது? பேசிக்கொண்டே அளந்திருக்கலாம், சாப்பிட்ட உடனே அளந்திருக்கலாம், கை தொங்கிக்கொண்டிருந்திருக்கலாம். மணிக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் பெட்டியில் 22–32, லிஸ்டிங்கில் 22–42 என்ற தப்பு மணி கையில்தான் இருந்தது.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், இதையே போட்டோ எடுத்து லிஸ்டிங்கில் போடலாம். கஃப்பை விரித்தால் ஓர் ஓரத்தில் ஒரு கோடு இருக்கும், உட்பக்கம் ஒரு பட்டியளவு "வரம்பு" என்று குறித்திருக்கும். கையில் சுற்றும்போது அந்தக் கோடு அந்தப் பட்டிக்குள் விழ வேண்டும். வெளியே போனால் வெல்க்ரோ ஒட்டினாலும் அந்தக் கஃப் அந்தக் கைக்கு இல்லை. ஒட்டுகிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று நிறையப் பேர் ஏமாறுவது இதில்தான்.

செந்தூல்_மணி

அண்ணே, கடையில் இருந்த ஒன்றை என் கையில் சுற்றிப் பார்த்தேன் (33 செ.மீ.). வெல்க்ரோ நன்றாக ஒட்டுகிறது. ஆனால் கோடு பட்டியைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியே நிற்கிறது! இத்தனை நாள் கவனிக்கவே இல்லை.

அப்படியென்றால் கேசவன் அண்ணன் சொன்னதுபோல 22–42 கஃப்பைத் தனியாக வாங்கி அதோடு சேர்த்து விற்கட்டுமா? வேறு பிராண்டில் அதே இணைப்புமுனை கொண்ட கஃப் 18 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது.

பட்டர்வொர்த்காரன்

வேறு பிராண்ட் கஃப்பை மாட்டி விற்காதே. மெஷினின் கணக்கு அதனோடு வந்த கஃப்பின் நீளம், அகலம், உள்ளே இருக்கும் பையின் அளவு இவற்றை வைத்துத்தான் தேறியிருக்கிறது. முனை பொருந்துவதால் கணக்கும் பொருந்திவிடாது. அதே கம்பெனி அதே மாடலுக்கென்று விற்கும் பெரிய கஃப் இருக்கிறதா என்று சப்ளையரைக் கேள். அதிலும் சோதனையில் அந்தக் கஃப் சேர்ந்திருந்ததா என்று கேள்.

கேட்ஜெட்_கேசவன்

அண்ணே, அதை அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? சப்ளையரிடம் கேட்டால் "எல்லாம் ஓகே லா" என்றுதான் பதில் வரும்.

பட்டர்வொர்த்காரன்

ஓகே லா வேண்டாம், தாள் வேண்டும். அதற்கு முன்னால் stridebp.org போய் மாடல் எண்ணை ஓர் எழுத்து விடாமல் தட்டிப் பாருங்கள். சோதனையில் தேறிய மெஷின்களின் பட்டியல் அது. பட்டியலில் இருந்தால் எந்த முறையில் சோதித்தார்கள் என்பதும் தெரியும். கர்ப்பிணிகளுக்கு, குழந்தைகளுக்கு என்று தனியாகவே வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்குத் தேறிய மெஷினைக் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றது என்று எழுதுவது மணியின் லிஸ்டிங்கிலேயே ஆபத்தான வரி. கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறு வந்தவர்களிடம் சில மெஷின்கள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டுகின்றன. பயப்பட வேண்டிய நேரத்தில் பயப்படாமல் இருந்துவிடுவார்கள்.

இன்னொன்று, ஒரே தொழிற்சாலையில் செய்து பத்துப் பெயரில் வரும் மெஷின் நம் சந்தையில் நிறைய. தொழிற்சாலையின் மாடல் பட்டியலில் இருக்கும், நீங்கள் விற்கும் பெயரில் இருக்காது. அப்போது இரண்டும் ஒன்றுதான் என்று தயாரிப்பாளர் எழுதித் தந்த தாள் வேண்டும். சப்ளையர் வாய்மொழியில் சொன்னது செல்லாது.

கணக்கப்பிள்ளை_கேஎல்

நான் ஒன்று கேட்கிறேன். "கேகேஎம் அங்கீகாரம்" என்று போடலாமா? சட்டம் 737 இருக்கிறதே. 2012-இல் வந்தது, மருத்துவக் கருவிகளுக்கானது. பதிவு செய்யாத கருவியை இறக்குமதியும் செய்யக் கூடாது, சந்தையில் விற்கவும் கூடாது.

பட்டர்வொர்த்காரன்

சட்டம் சரி. பதிவு மருத்துவக் கருவி ஆணையத்தில், அது சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது. பிபி மெஷினுக்கு GB என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், B என்பது ஆபத்து வகுப்பு. பதிவு ஐந்து வருஷத்துக்கு. மணி, எண்ணைச் சப்ளையரிடம் வாங்கி ஆணையத்தின் தேடல் பக்கத்தில் போட்டு, மாடல் பெயரும் ஒத்துப்போகிறதா, காலாவதி ஆகவில்லையா என்று பார். எண் ஒன்று இருந்து, பெயர் வேறாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் "அங்கீகாரம்" என்றால் அமைச்சே இதை நல்ல மெஷின் என்று பரிந்துரைத்ததாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். "மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவானது, எண் இது" என்று எழுதினால் போதும். மலாயில் "டிசாஹ்கான்" போடாதே, "பெர்டாஃப்தார்" போடு.

எஃப்டிஏ என்பது அமெரிக்காவின் விஷயம். பெரும்பாலும் அங்கே "அனுமதி" கிடைத்ததை, இல்லாவிட்டால் வெறுமனே தொழிற்சாலையைப் பதிந்ததை, "அங்கீகாரம்" என்று எழுதுகிறார்கள். நம் ஊர் வாடிக்கையாளருக்கு அந்த வரியே தேவையில்லை, எடுத்துவிடு.

கணக்கப்பிள்ளை_கேஎல்

அப்படியானால் லிஸ்டிங்கும் விளம்பரக் கணக்கில் வருமா? தளத்தில் பொருளின் விவரம் எழுதுவது ஒன்று, முகப்பில் பேனர் போடுவது ஒன்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டர்வொர்த்காரன்

நான் கருவி ஆள், வக்கீல் இல்லை. சப்ளையரின் உரிமப் பிரிவைக் கேளுங்கள், இல்லையென்றால் ஆணையத்துக்கே மின்னஞ்சல் போடுங்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்வது: "பக்கவாதம் வருவதைக் கண்டுபிடிக்கும்" என்பதை விளம்பரம் என்று சொன்னாலும் விவரம் என்று சொன்னாலும் அது பொய். மெஷின் அழுத்தத்தை அளக்கிறது, அவ்வளவுதான். ஒழுங்கில்லாத துடிப்பைக் காட்டும் சின்னம் இருந்தால், "துடிப்பில் ஒழுங்கின்மையைக் கவனித்தால் சின்னம் காட்டும், இது நோயறிதல் அல்ல" என்று எழுது. கை அசைந்தாலும் அந்தச் சின்னம் வரும்.

கேட்ஜெட்_கேசவன்

இப்படி எல்லாவற்றையும் எடுத்தால் லிஸ்டிங்கில் என்னதான் மிஞ்சும்? பக்கத்துக் கடைக்காரன் "பக்கவாதத்தைத் தடுக்கும்" என்று போட்டிருக்கிறான், என் மெஷின் வெறுமனே "அழுத்தத்தை அளக்கும்". யார் வாங்குவான்?

மல்லிகா_பிஜே

வாங்குபவளாகச் சொல்கிறேன். கையை அளந்துவிட்டு வாங்குங்கள் என்று எந்தக் கடையாவது எழுதியிருந்தால் நான் அங்கேதான் வாங்கியிருப்பேன். அம்மாவின் கை 35 வருகிறது! இரண்டு வருஷமாக அந்தப் பட்டையை இழுத்து இழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை கிளினிக்குக்குப் போகிறோம், மெஷினையும் எடுத்துக்கொண்டு.

செந்தூல்_மணி

அக்கா, நன்றி. இது எனக்கு ஆயிரம் விமர்சனத்துக்குச் சமம்.

அண்ணே, அந்த 0–299-ஐயும் சொல்லிவிடுங்கள். அதோடு தெர்மாமீட்டர் லிஸ்டிங்கில் "0–100 டிகிரி, 1 வினாடியில் காய்ச்சல்" என்று போட்டிருக்கிறேன். ஒரு அம்மா பிள்ளையின் நெற்றியில் வைத்தால் 33.8 என்கிறது, பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது என்கிறார்.

பட்டர்வொர்த்காரன்

0–299 கஃப்பின் காற்றழுத்தத்தை மெஷின் காட்டக்கூடிய எல்லை. ரத்த அழுத்தத்தை அளக்கும் வரம்பு தனி வரியில் இருக்கும், மேல் எண்ணுக்கு 60–260, கீழ் எண்ணுக்கு 40–215 என்பதுபோல. அதை எழுது.

தெர்மாமீட்டரிலும் அதே குழப்பம்தான், இரண்டு வரம்பு. துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு மெஷினில் இரண்டு முறை உண்டு. ஒன்று பொருளின் மேற்பரப்பு (பால் புட்டி, குளிக்கும் தண்ணீர்), ஒன்று உடம்பு. 0–100 மேற்பரப்பு முறைக்கு உரியது. அந்தப் பிள்ளைக்குப் பெரும்பாலும் மேற்பரப்பு முறையில்தான் வைத்திருப்பார்கள், நெற்றித்தோலின் சூடு 33, 34 என்றுதான் வரும். உடம்பு முறையில் மெஷின் தோல் சூட்டிலிருந்து உடம்பின் சூட்டைக் கணக்கிட்டுக் காட்டும். பட்டனை எப்படி மாற்றுவது, திரையில் எந்தப் படம் தெரிய வேண்டும் என்று ஒரு போட்டோ போடு. லிஸ்டிங்கின் முதல் வரியிலேயே உடம்பு முறையின் வரம்பு, 32.0–42.9 மாதிரி, அந்த மெஷினின் மேனுவலில் உள்ளபடி. மேற்பரப்பு வரம்பைக் கீழே போடு.

நம் ஊரில் இன்னொரு தொல்லை. கடையில் ஏர்கோன் 22-இல் இருக்கும், வெளியே வெயில். காரிலிருந்து எடுத்த மெஷினை உடனே நெற்றியில் வைத்தால் எண் நம்ப முடியாது. அதே அறையில் அரை மணி நேரம் இருந்த பிறகு வைக்கச் சொல். வியர்வையைத் துடைத்துவிட்டு வைக்கச் சொல்.

"1 வினாடியில் காய்ச்சலைக் கண்டறியும்" வேண்டாம். "1 வினாடியில் எண்ணைக் காட்டும்" என்று எழுது. காய்ச்சலா இல்லையா என்று முடிவு செய்வது மெஷினின் வேலையல்ல.

செந்தூல்_மணி

இதோ புது லிஸ்டிங். பிழை இருந்தால் திருத்துங்கள்.

"மேல்கை பிபி மெஷின். கஃப் 22–32 செ.மீ. வாங்கும் முன் மேல்கையை நடுவில் அளந்து பாருங்கள்; 32-க்கு மேல் என்றால் இதை வாங்காமல் எங்களுக்கு மெசேஜ் போடுங்கள். மேல் எண் 60–260, கீழ் எண் 40–215 வரை அளக்கும். காற்றழுத்தத் துல்லியம் ±3 (கையில் அளக்கும் துல்லியம் அல்ல). பெரியவர்களுக்கு, வீட்டில் பயன்படுத்த. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சோதிக்கப்படவில்லை. மருத்துவக் கருவி ஆணையப் பதிவு எண்: (சப்ளையர் அனுப்பியதும் போடுவேன்). நோயைக் கண்டறியாது, எண் தொடர்ந்து அதிகமாக வந்தால் மருத்துவரைப் பாருங்கள்."

"மருத்துவ ரீதியாக" என்ற வரியை இப்போதைக்கு எடுத்துவிட்டேன். stridebp.org-இல் என் மாடல் எண் இல்லை, தொழிற்சாலையின் பழைய மாடல் மட்டும் இருக்கிறது. அந்தத் தாளைச் சப்ளையரிடம் கேட்டிருக்கிறேன்.

பட்டர்வொர்த்காரன்

நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும்: "சோதிக்கப்படவில்லை" என்று எழுதுவதற்கு முன் அதையும் சப்ளையரிடம் கேள். சோதித்திருக்கலாம், உனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. "கர்ப்பிணிகளுக்கான சோதனைச் சான்று எங்களிடம் இல்லை" என்று எழுது. தாள் வந்த பிறகு "இந்த மாடல் ஐஎஸ்ஓ 81060-2 முறையில், 22–32 செ.மீ. கஃப்போடு சோதிக்கப்பட்டது" என்று எழுதலாம். "நிரூபிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதாதே.

கேட்ஜெட்_கேசவன்

பதிவு எண் வராமலே லிஸ்டிங்கைத் திறந்துவிட்டாயா தம்பி?

செந்தூல்_மணி

இல்லை அண்ணே, மறைத்து வைத்திருக்கிறேன். உங்களுடையது எப்படி?

கேட்ஜெட்_கேசவன்

என்னுடைய மூன்று லிஸ்டிங்கையும் இன்று மதியம் மறைத்துவிட்டேன். 22–42 கஃப் ஒன்று மட்டும் பட்டியலில் இருக்கிறது, சோதனையிலும் அதே கஃப்தான். அதை வைத்துத்தான் வியாபாரம் ஓட வேண்டும்போல. அந்த மாதிரி அகன்ற வரம்புள்ள கஃப்பில் 22 செ.மீ. கைக்கும் 42 செ.மீ. கைக்கும் ஒரே மாதிரி சரியாக அளக்குமா அண்ணே?

பட்டர்வொர்த்காரன்

சோதனையில் தேறியிருக்கிறது என்றால் அந்த வரம்புக்குள் பல அளவுக் கைகளையும் சேர்த்துத்தான் பார்த்திருக்க வேண்டும். இருந்தாலும் 41, 42 கையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அந்த அறிக்கையைப் படித்தால்தான் தெரியும். அறிக்கை கிடைத்தால் இங்கே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.